900 விநாடியில் நின்றுபோகும் லாம்டா: நீண்ட வேலையைப் பிரித்து அமைத்தல்

கேள்வி: "ஏடபிள்யூஎஸ்ஸில், எஸ்3 பக்கெட்டில் சிஎஸ்வி கோப்பு வந்ததும் ஒரு லாம்டா ஓடி, அதில் உள்ள 1,20,000 வரிகளையும் டேட்டாபேஸில் எழுத வேண்டும். `Task timed out after 900.00 seconds` என்று நின்றுவிடுகிறது. டைம்அவுட்டை இதற்கு மேல் கூட்ட முடியவில்லை. போதாக்குறைக்கு, முதல் 18,000 வரிகள் மூன்று முறை பதிவாகியிருக்கின்றன. என்ன செய்வது?"

மூன்று முறை பதிவானதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நின்றுபோனதைவிட அதுதான் பெரிய சேதம். எஸ்3 நிகழ்வு லாம்டாவை அசிங்க்ரனஸ் முறையில் அழைக்கிறது. அவ்வாறு அழைக்கப்பட்ட ஃபங்ஷன் பிழையுடன் முடிந்தால், லாம்டா தானாகவே மேலும் இரண்டு முறை அதை ஓடவிடும். டைம்அவுட்டும் பிழையாகவே கணக்கிடப்படுவதால், உங்கள் நிரல் மூன்று முறையும் முதல் வரியிலிருந்தே தொடங்கி, மூன்று முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றிருக்கிறது.

வேலை உண்மையிலேயே நீளமானதா, அல்லது எங்கேயோ சிக்கி நிற்கிறதா என்பதை லாகைப் பார்த்து முதலில் உறுதிசெய்ய வேண்டும். டேட்டாபேஸுக்கோ வெளி ஏபிஐக்கோ இணைப்புக் கேட்ட வரியோடு லாக் நின்று, அதன்பின் டைம்அவுட் வரை மௌனமாக இருந்தால், அது பெரும்பாலும் நெட்வொர்க் சிக்கல். விபிசிக்குள் இருக்கும் ஃபங்ஷனுக்கு வெளியே செல்ல வழி இல்லாதபோது இப்படித்தான் நிகழும், அப்போது எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பயனில்லை. உங்களுடையது அப்படியல்ல. 900 விநாடியில் 18,000 வரிகள் என்றால் விநாடிக்கு 20 வரிகள். முழுக் கோப்புக்கும் 6,000 விநாடிகள், அதாவது 100 நிமிடங்கள் வேண்டும். லாம்டாவின் உச்ச வரம்பு 15 நிமிடம். மெமரியைக் கூட்டினால் சிபியுவும் கூடும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் நேரம் டேட்டாபேஸின் பதிலுக்குக் காத்திருப்பதில் கழிகிறது என்றால் அதனால் பெரிய மாற்றம் வராது.

ஆகவே வேலையை இரண்டு ஃபங்ஷன்களாகப் பிரியுங்கள். முதலாவது டேட்டாபேஸைத் தொடவே கூடாது. கோப்பைப் படித்து, 2,000 வரிகள் கொண்ட 60 சிறு கோப்புகளாக எழுதி, ஒவ்வொன்றின் பெயரையும் எஸ்க்யூஎஸ் வரிசையில் ஒரு செய்தியாகப் போட்டால் அதன் வேலை முடிந்தது. சிறு கோப்புகளை வேறு பக்கெட்டில் வையுங்கள். அதே பக்கெட்டில் அதே டிரிகருக்குள் எழுதினால், ஒவ்வொரு சிறு கோப்பும் முதல் ஃபங்ஷனை மறுபடி எழுப்பும், அது ஒரு சுழற்சியாகிவிடும்.

இரண்டாவது ஃபங்ஷன் ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் எடுக்கட்டும். 2,000 வரிகளுக்கு 100 விநாடி ஆகும் என்பதால், டேட்டாபேஸ் சற்று மந்தமானாலும் தாங்கும்படி டைம்அவுட்டை 300 விநாடியாக வையுங்கள். வரிசையின் `VisibilityTimeout` அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 1,800 விநாடி இருப்பது நல்லது. அது குறைவாக இருந்தால், ஒரு செய்தியின் வேலை முடியும் முன்பே அதே செய்தி இன்னொரு முறை வெளியே வந்துவிடும். ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் ஓடாதபடி `MaximumConcurrency` அமைப்பையும் வைத்தால், விநாடிக்கு 100 வரிகள் என்ற அளவைத் தாண்டி டேட்டாபேஸின் மீது சுமை ஏறாது, மொத்த வேலையும் ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடியும். ஐந்து முறை முயன்றும் தோற்கும் செய்தி டெட் லெட்டர் வரிசைக்குப் போகட்டும். எந்தச் சிறு கோப்பு கெட்டது என்பது அங்கே பெயரோடு தெரியும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு செய்தி இரண்டு முறை வருவதை முற்றிலும் தடுக்க முடியாது, எஸ்க்யூஎஸ்ஸின் ஸ்டாண்டர்ட் வரிசை அந்த உறுதியைத் தருவதில்லை. எனவே மூலக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்த யுனிக் கீ ஒன்றை டேபிளில் வைத்து, போஸ்ட்கிரெஸ் என்றால் `ON CONFLICT DO NOTHING` என்று எழுதுங்கள். அதே பகுதி மீண்டும் ஓடினாலும் டேபிள் மாறாது. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த மூன்று பதிவுகள் வந்திருக்காது.

வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால் இப்படிப் பிரிக்க முடியாது. அப்போது மீதி நேரத்தைப் பார்த்து, நின்ற இடத்தைச் செய்தியாக அனுப்பிவிட்டு ஃபங்ஷன் தானே முடிந்துகொள்ள வேண்டும்:

```python
for n, row in enumerate(rows_from(start), start):
    if context.get_remaining_time_in_millis() < 30000:
        send_next(key, n)
        return
    write(row)
```

உங்கள் கோப்புக்கு இது ஏழு சுற்றில் முடியும். ஆனால் இதே சங்கிலி ஏறக்குறைய 16 சுற்றைத் தொட்டால், முடிவில்லாத சுழற்சி என்று கருதி லாம்டாவே அதை நிறுத்திவிடும். அவ்வளவு நீளும் வேலையையும், ஒரே பெரிய வீடியோவை மாற்றுவதுபோல் துண்டாக்கவே முடியாத வேலையையும் லாம்டாவில் திணிக்காமல், 15 நிமிட வரம்பு இல்லாத ஃபார்கேட் கண்டெய்னரில் ஓடவிடுங்கள். கோப்பு வந்ததும் அந்தக் கண்டெய்னரைத் தொடக்கிவைப்பது மட்டும் லாம்டாவின் பங்காக இருக்கட்டும்.