காலி இடத்தில் யார் நிற்பது?

(14 வயதுக்குட்பட்டோர் காற்பந்து ஆட்டம். இடைவேளையில் 0-2 என்று பின்தங்கியிருந்த எங்கள் பையன்களிடம் பேசியது.)

உட்காருங்கள் தம்பிகளா. தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த நான்கு மணி வெயிலில் 35 நிமிடம் ஓடியிருக்கிறீர்கள். மூச்சு அடங்கட்டும், அப்புறம் பேசலாம்.

சரி. இரண்டு கோலும் எப்படி விழுந்தன? ஆமாம், ஒரே மாதிரிதான். நம் மூன்றாம் எண் இடப்பக்கமாக மேலே ஏறினான். நடுத்திடலில் பந்து பறிபோனது. அவன் விட்டுப்போன இடம் காலி. அவர்களுடைய ஏழாம் எண் அந்த வழியாகவே உள்ளே வந்துவிட்டான்.

மூன்றாம் எண், தலையைத் தூக்குப்பா. ஏறச் சொன்னவனே நான்தான். உன் இடத்தில் யார் நிற்பது என்று சொல்லித்தராதது என் தவறு. இப்போது சொல்கிறேன். ஆறாம் எண், அவன் ஏறுவதைப் பார்த்ததும் நீ அந்தப் பக்கம் நகர்ந்துவிடு. எல்லைக்கோடு வரை போக வேண்டாம். கோட்டுக்கும் நம் சென்டர் பேக்குக்கும் நடுவில் நின்றால் போதும். அவன் திரும்பியதும் உன் இடத்துக்கு வந்துவிடு.

இன்னொன்று. ஏழாம் எண் பந்தோடு வரும்போது இரண்டு முறையும் நாம் காலை நீட்டிப் பாய்ந்தோம். அவன் ஒரே தட்டில் தாண்டிவிட்டான். இனிப் பாயாதீர்கள். ஒன்றரை கை தூரம் விட்டு, உடம்பைச் சாய்வாகத் திருப்பி, சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்குங்கள். உள்ளே வரும் வழியை அடைத்து, கோட்டுப் பக்கமாகத் தள்ளுங்கள். அவன் நின்று சுற்றிப் பார்த்தாலோ பின்னால் பாஸ் கொடுத்தாலோ நீங்கள் செய்தது பலித்துவிட்டது. அதற்குள் நம் ஆட்கள் திரும்பிவிடுவார்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன், 2005-இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இங்கே விடியற்காலை இரண்டே முக்காலுக்குக் கண் விழித்துப் பார்த்தேன். இடைவேளையில் லிவர்பூல் மிலானிடம் 0-3. பயிற்றுவிப்பாளர் பெனிடெஸ் அப்போது இறக்கியது கோல் அடிக்கும் ஆளை அல்ல, நடுத்திடலைக் காக்கும் ஹாமனை. பின்னால் ஆள் இருக்கிறார் என்றதும் கேப்டன் ஜெரார்ட் துணிந்து முன்னே போனார். 54-ஆம் நிமிடத்தில் அவரே தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். 60-ஆம் நிமிடத்தில் 3-3. கடைசியில் பெனால்டியில் வென்றார்கள்.

நமக்கு இன்னும் 35 நிமிடம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் கோலைத் தேடி ஓட வேண்டாம். அந்த இடப்பக்கத்தை மட்டும் அடைத்துக் காட்டுங்கள். மூன்றாம் எண், நீ முன்போலவே ஏறு. ஏறும்போது "ஆறு!" என்று சத்தமாகக் கூப்பிடு.

முதல் பாதியை அவர்கள் தொடங்கினார்கள், இப்போது பந்து நம்முடையது. ஒன்பதாம் எண், முதல் பாஸைப் பின்னால் ஆறாம் எண்ணுக்கே கொடு. எல்லாரும் காலணிக் கயிற்றை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நடுவர் கூப்பிடுகிறார்.