முதல் மாதவிடாயும் உடல் கொழுப்பும்: 47 கிலோ கணக்கு

வணக்கம். "எங்கள் காலத்தில் பதினைந்து, பதினாறு வயதில்தான் வயதுக்கு வந்தோம். இப்போது ஐந்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறார்கள்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சில் உண்மை உண்டு. அதற்கு அடுத்தபடியாக வரும் "எல்லாம் குண்டாக வளர்ப்பதால்தான்" என்ற தீர்ப்பு மட்டும் பாதி சரி, பாதி தவறு. அந்தப் பாதியைப் பிரித்துக் காட்டத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், மாற்றம் எவ்வளவு? நார்வேயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முதல் மாதவிடாயின் சராசரி வயது 16ஐ ஒட்டி இருந்தது. 1950களில் அது 13ஐ ஒட்டி வந்துவிட்டது. கொரியாவில் இதே தூரத்தை இன்னும் வேகமாகக் கடந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சுமார் 17 வயது. 1980களில் பிறந்தவர்களுக்குச் சுமார் 13. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஏறத்தாழ நான்கு வருடம் குறைந்திருக்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறாது. வாழ்க்கைதான் மாறியது: சாப்பாடு கூடியது, தொற்றுநோய் குறைந்தது, குழந்தைகள் மீதிருந்த கடும் உழைப்பு இறங்கியது.

அதற்காக, மனித வரலாறு முழுக்க வயது கீழே இறங்கிக்கொண்டே வந்தது என்று நினைக்க வேண்டாம். பழங்கால கிரேக்க மருத்துவர் சொரானஸ் பதினான்கு வயதைத்தான் எழுதிவைத்தார். இடைக்கால ஐரோப்பிய ஏடுகளிலும் பன்னிரண்டு முதல் பதினைந்து வரைதான் வருகிறது. ஆக, தொழிற்புரட்சிக் காலத்தின் பசியும் நோயும்தான் அந்த வயதைப் பதினாறுக்கும் அப்பால் தள்ளின. 20ஆம் நூற்றாண்டில் நாம் பார்த்த இறக்கத்தில் பெரும்பகுதி, இழந்த ஆரோக்கியம் திரும்பி வந்ததன் அடையாளம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "சீக்கிரம் வந்தாலே கெடுதல்" என்ற எண்ணத்தோடு தொடங்கினால், பசியால் தள்ளிப்போன வயதை நல்ல வயது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை, எண்களைப் படிக்கிறவர்களுக்கு. பன்னிரண்டு வயதுப் பெண்கள் நூறு பேரிடம் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு வந்துவிட்டது, அறுபது பேருக்கு வரவில்லை. அந்த நாற்பது பேரின் வயதை மட்டும் கூட்டி வகுத்தால் பதினொன்றரை என்று விடை வரும். ஆனால் மீதி அறுபது பேருக்கும் இனிமேல்தான் வரப்போகிறது. அவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் "எப்போது வந்தது?" என்று கேட்பதைவிட, "வந்துவிட்டதா, இல்லையா?" என்று பல வயதினரிடம் கேட்டு, எந்த வயதில் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். சிறுமிகளிடம் எடுத்த ஒரு கணக்கில் வயது திடீரென்று சரிந்திருப்பதாகத் தெரிந்தால், இன்னும் வராதவர்களைச் சேர்த்தார்களா என்று முதலில் பாருங்கள்.

சரி, கொழுப்புக்கு வருவோம். இந்தக் கதையில் முக்கியமானவர் ரோஸ் ஃப்ரிஷ் என்ற அமெரிக்க அறிவியலாளர். 1970இல் அவரும் ரோஜர் ரெவெல்லும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வருடக்கணக்கில் எடையும் உயரமும் அளந்துவந்த பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், சீக்கிரம் வயதுக்கு வந்தவர்களுக்கும் தாமதமாக வந்தவர்களுக்கும் அந்த நேரத்துச் சராசரி எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்: சுமார் 47 கிலோ. பிறகு 1974இல் ஃப்ரிஷ் இன்னும் ஒரு படி போனார். எடையைவிட கொழுப்பு முக்கியம், உடலில் சுமார் 17 சதவீதம் கொழுப்பு சேர்ந்தால்தான் முதல் மாதவிடாய் வரும், சுழற்சி ஒழுங்காகத் தொடர 22 சதவீதம் தேவை என்றார்.

கேட்கவே அழகான கருத்து. கருவைச் சுமந்து, பிறகு பாலூட்ட ஒரு பெண்ணுக்கு நிறைய ஆற்றல் கையிருப்பு வேண்டும். அது சேரும்வரை உடல் காத்திருக்கிறது என்பது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எதிர்ப்பும் உடனே எழுந்தது, அதுவும் நியாயமான எதிர்ப்பு. ஃப்ரிஷ் கொழுப்பை நேரடியாக அளக்கவில்லை. உயரம், எடை இரண்டையும் ஒரு சமன்பாட்டில் போட்டுக் கணக்கிட்டார். சராசரி ஒன்றாக இருந்தாலும், தனித்தனிப் பெண்களை எடுத்தால் எடை மிகவும் வேறுபட்டது. 17 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதே மாதவிடாய் வந்தவர்களும் உண்டு, அதைத் தாண்டியும் பல மாதம் வராதவர்களும் உண்டு.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது வேறு. முதல் மாதவிடாய் என்பது பருவமடைதலின் தொடக்கம் கிடையாது, கிட்டத்தட்ட கடைசிக் கட்டம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை எழுப்புகிறது, பிட்யூட்டரி சினைப்பையை எழுப்புகிறது, சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் முதல் அடையாளமாக மார்பு அரும்பும். உயரம் வேகமாகக் கூடும். அந்த வேகம் உச்சத்தைத் தாண்டி இறங்கிய பிறகுதான், அதாவது மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான், மாதவிடாய் வருகிறது. இந்த இரண்டு வருடத்தில் ஈஸ்ட்ரோஜனே இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. அப்படியானால் முதல் மாதவிடாய் அன்று நாம் பார்க்கும் கொழுப்பு அதற்குக் காரணமா, அல்லது இரண்டு வருடமாக நடந்துவந்த மாற்றத்தின் விளைவா? அன்றைய எடையை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. மார்பு அரும்புவதற்கு முன்னால், ஆறு ஏழு வயதில் எடை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். குழந்தைகளைச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்து அளந்த ஆய்வுகள் பின்னால் வந்தன. சிறுவயதிலேயே எடை கூடிய பெண்கள் சராசரியாக முன்னதாகவே வயதுக்கு வருகிறார்கள் என்று அவை காட்டின. எனவே ஃப்ரிஷ் காட்டிய திசை சரி. ஒரே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது என்றதுதான் நிற்கவில்லை.

கொழுப்பு மூளையோடு எப்படிப் பேசுகிறது என்பதற்கு விடை 1994இல் கிடைத்தது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்களே அதைச் சுரக்கின்றன. கொழுப்பு கூடினால் இரத்தத்தில் லெப்டினும் கூடும். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவது இதன் வழியாகத்தான்.

இங்கே ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட தகவல் இது. ஒன்பது வயது, எடை 94 கிலோ. பிறவியிலிருந்தே அவள் உடலுக்கு லெப்டினைச் சுரக்கத் தெரியாது. அதாவது உடல் நிறையக் கொழுப்பு, ஆனால் "கையிருப்பு காலி" என்றே மூளை நம்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் அடங்காத பசி. அவளுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது, எடை இறங்கியது. அப்புறம் ஒரு வருடத்தில், எடை குறைந்துகொண்டிருக்கும்போதே, பருவமடைதலின் தொடக்கத்தில் இரவில் தெரியும் ஹார்மோன் துடிப்புகள் அவளிடம் தோன்றின. பிறகு சாதாரண வயதிலேயே மாதவிடாயும் வந்தது. கொழுப்பு போகப் போகப் பருவம் வருகிறது! தேவைப்பட்டது கொழுப்பின் எடை அல்ல, கொழுப்பு அனுப்பும் செய்தி.

அதே குறைபாடுள்ள இன்னும் சின்னக் குழந்தைகளுக்கும் லெப்டின் கொடுத்தார்கள். அவர்களில் யாரும் நான்கு, ஐந்து வயதில் பருவமடையவில்லை. லெப்டின் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போகும் நேரத்தை அது தீர்மானிப்பதில்லை.

இந்த அனுமதி கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை விளையாட்டு வீராங்கனைகளிடம் பார்க்கலாம். ஃப்ரிஷ் குழுவே 1981இல் காட்டியது: முதல் மாதவிடாய்க்கு முன்பே கடும் பயிற்சியில் இறங்கிய கல்லூரி நீச்சல், ஓட்ட வீராங்கனைகளுக்கு, ஒவ்வொரு பயிற்சி வருடத்துக்கும் சுமார் ஐந்து மாதம் வீதம் வயது தள்ளிப்போயிருந்தது. உண்பதைவிடச் செலவு கூடும்போது, உடல் இனப்பெருக்கத்தை ஒத்திப்போடுகிறது.

ஊட்டம் என்றால் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எப்போது என்பதும்தான். இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன 107 பெண்களை அங்கே தொடர்ந்து கவனித்தார்கள். வந்து சேர்ந்தபோது பலர் வயதுக்கு ஏற்ற உயரமோ எடையோ இல்லாமல் மெலிந்திருந்தார்கள். நல்ல உணவு கிடைத்ததும் மளமளவென்று வளர்ந்தார்கள். ஸ்வீடன் பெண்களுக்குச் சராசரி வயது 13. இவர்களில் பாதிப் பேர் 11.6 வயதுக்குள்ளேயே வயதுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு ஏழு வயதுதான். இவர்கள் உடல் பருமனானவர்கள் அல்ல. சிறுவயதில் பற்றாக்குறை, பிறகு திடீர் நிறைவு என்ற அந்தத் தாவல்தான் பருவத்தை முன்னால் இழுத்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பருவம் சீக்கிரம் வந்ததால் உயர வளர்ச்சியும் சீக்கிரம் நின்றது; பலர் குட்டையாகவே நின்றுபோனார்கள். மெலிந்த குழந்தையை அவசரமாகப் பருக்கவைப்பதில் எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான்.

சமீபத்திய சரிவுக்கு எவ்வளவு பங்கு கொழுப்புக்கு? அமெரிக்காவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்து 2024இல் வெளியான ஆய்வு, 1950 முதல் 1969 வரை பிறந்தவர்களுக்குச் சராசரி 12.5 வயது என்கிறது. 2000 முதல் 2005 வரை பிறந்தவர்களுக்கு 11.9. இந்த இறக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியைத்தான் வயதுக்கு மீறிய எடையால் விளக்க முடிந்தது. மீதிக்கு மன அழுத்தம், ஹார்மோனைக் குழப்பும் வேதிப்பொருட்கள் என்று சிலவற்றைச் சொல்கிறார்கள். அவற்றுக்கான சான்று எடைக்கு இருப்பதுபோல் உறுதியாக இல்லை.

உங்களில் பெற்றோர் இருப்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலும் காட்டுங்கள். போகும்போது, பள்ளியிலோ வீட்டிலோ குறித்துவைத்த உயரமும் எடையும் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இன்றைய எடையைவிட, கடந்த இரண்டு மூன்று வருடத்தில் கோடு எப்படி ஏறியது என்பதுதான் மருத்துவருக்கு உதவும். தாமதமாகும் பெண் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாளா, தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறாள் என்றும் அவர் கேட்பார். அவள் எதிரிலேயே "குண்டு", "ஒல்லி" என்று சொல்லாமல் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.