நடுவில் நிற்பவரின் முகம்: குவான்ஷியும் மியன்ட்ஸும்

[திரையில்: வட்ட மேசை, இரண்டு தேநீர்க் கோப்பைகள்]

குவான்ஷி என்றால் தொடர்பு, மியன்ட்ஸு என்றால் முகம். சீன வணிகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். இவை உள்ளுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

போனில் நூறு பேரின் எண் இருந்தால் அது குவான்ஷி ஆகாது. அதன் உயிர் ரென்ச்சிங், அதாவது பெற்ற உதவிக்காகப் பட்டிருக்கும் நன்றிக்கடன். சீனக் கிராமங்களில் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை நம் மொய் நோட்டைப் போலவே எழுதிவைப்பார்கள். வாங்கியதை உடனே அதே அளவில் திருப்பிக் கொடுத்தால், 'இனி உறவு வேண்டாம்' என்று சொன்னதுபோல ஆகிவிடும். கொஞ்ச காலம் கழித்து, கொஞ்சம் கூட்டிச் செய்வதே முறை. கடன் பாக்கி இருக்கும்வரை உறவும் இருக்கும்.

முகத்துக்குச் சீனத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஹூ ஷியென்-சின் என்ற மானிடவியலாளர் 1944இல் இவற்றைப் பிரித்து விளக்கினார். லியென் என்பது ஒழுக்கத்தால் வரும் மானம். மியன்ட்ஸு என்பது பதவியாலும் சாதனையாலும் ஊரார் தரும் மதிப்பு. மியன்ட்ஸுவை இரவலாகவும் கொடுக்கலாம். 'என் முகத்துக்காகச் செய்யுங்கள்' என்று ஒருவர் உங்களை அறிமுகப்படுத்தினால், அவர் தன் மதிப்பை உங்களுக்காகப் பிணை வைக்கிறார்.

[திரையில்: வாங்குபவர் – அறிமுகம் செய்தவர் – ஆலை முதலாளி]

ஒரு கற்பனை உதாரணம். அப்படி அறிமுகமான ஆலையில் 1,000 மின்விசிறி வாங்குகிறீர்கள். 80 ஓடவில்லை. உடனே படம் எடுத்து, முதலாளியும் அவருடைய ஊழியர்களும் இருக்கும் வீசாட் குழுவில் போடுகிறீர்கள். சொன்னது உண்மைதான். ஆனால் தன் ஆட்கள் முன்னால் முதலாளியால் தவறை ஒப்புக்கொள்ள முடியாது. 'உங்கள் விவரக்குறிப்புதான் தெளிவாக இல்லை' என்று வாதாடுவார். அறிமுகம் செய்தவரும் தலைகுனிவார். அடுத்த முறை உங்களுக்காகப் பேச மாட்டார்.

அதற்குப் பதிலாக, அறிமுகம் செய்தவரைத் தனியாக அழையுங்கள். எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லுங்கள். காரணத்தை மட்டும் திறந்தே விடுங்கள்: 'வழியில் அடிபட்டதோ என்னவோ.' முதலாளிக்கு வெளியேற ஒரு கதவு கிடைத்துவிடும். தவறு என்ற சொல்லே வராமல், அடுத்த சரக்கோடு 80 மாற்று விசிறிகள் வர வாய்ப்புண்டு. 'ஆராய்ந்து பார்க்கிறோம்' என்று மட்டும் பதில் வந்து, தேதி எதுவும் வராவிட்டால், அதைப் பெரும்பாலும் மறுப்பென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரச்சோதனையையும் ஒப்பந்தத்தையும் இதற்காகக் கைவிட வேண்டாம். மியன்ட்ஸு பேச்சைச் சுமுகமாக்கும், பழுதான மோட்டாரை ஓட வைக்காது.

குவான்ஷிக்குச் சட்டம் போட்ட எல்லையும் உண்டு. சீன அதிகாரிகளின் உறவினருக்கு வேலை கொடுத்து வணிகம் பிடித்ததாக எழுந்த வழக்கை முடிக்க, அமெரிக்க வங்கியான ஜேபி மார்கன் 2016இல் அந்நாட்டு அரசுக்குச் சுமார் 26.4 கோடி டாலர் கட்டியது. பதவியில் இருப்பவரின் முடிவை வாங்குவதற்காக அந்த உதவி செய்யப்பட்டதா என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி.