பூசணிக்காயின் எடை

(குடியாத்தத்தில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் பெருமக்களே, மழைத்தூறலையும் பொருட்படுத்தாமல் பேரணாம்பட்டிலிருந்து வந்திருக்கும் நெசவாளர் சங்கப் பெரியவர்களே, இந்த அரங்கத்தை வாடகை இல்லாமல் கொடுத்த அறக்கட்டளை நிர்வாகிகளே, எனக்குச் சால்வை போர்த்திய அம்மா அவர்களே, கல்லூரித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் ஐயா தேர்தல் சட்டத்தை அவ்வளவு தெளிவாக எடுத்து வைத்தார். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம் என்று அவர் சொன்னாரே, என் பேச்சு அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஓட்டுக்குப் பணம் எத்தனை பேருக்கு வந்தது என்று, யாரையும் மாட்டிவிடாமல் கேட்டுக் கணக்கெடுப்பது பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். பகடை வைத்துக் கேட்கும் முறை ஒன்று. பட்டியல் வைத்துக் கேட்கும் முறை இரண்டு. இந்தக் கணக்கெடுப்பை நம் ஊரில் வார்டு வார்டாக நாமே எப்படி எடுப்பது என்பது மூன்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். 2019 ஏப்ரலில் நம் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்தார்கள். பிடிபட்ட பணத்தைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நாம் ஓட்டுப் போட்டோம். நாடே நம் ஊர்ப் பெயரைச் சொன்னது. ஆனால் நம் தெருவில் எத்தனை வீட்டுக்குப் பணம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு வீட்டுக்கும் வரவில்லை என்பார்கள். பூசணிக்காய் எங்கே போயிற்று?

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், ஒரு தேர்தல் முடிந்த பத்தாம் நாள், கையில் படிவத்தோடு இந்த ஊரில் நெசவாளர்கள் இருக்கும் ஒரு தெருவுக்குப் போனேன். பெயர், கதவு எண், வயது, அப்புறம் நேரடிக் கேள்வி: ‘ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா?’ தெரு முழுக்க ‘இல்லை’தான். கடைசி வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டியம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். வெயிலில் வந்திருக்கிறேன் என்று முதலில் ஒரு சொம்பு மோர் கொடுத்தார், உப்பும் கறிவேப்பிலையும் போட்ட மோர். குடித்துவிட்டுக் கேட்டேன். ‘எங்க வூட்டாண்ட யாரும் வர்லப்பா. நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல’ என்றார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். உள்ளே இருந்து ஆறேழு வயதுப் பேரன் ஓடி வந்தான். ஒரு காலைத் தூக்கிக் காட்டினான், புதுச் செருப்பு. ‘தாத்தா, அந்தப் பணத்துலதான் இத வாங்கிக் குடுத்தாங்க!’ என்றான்.

பாட்டியின் கையில் நூல் அறுந்தது. அவர் தலை நிமிரவில்லை. அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். ‘சின்னப் பையன் சொல்றத எழுதிக்காத தம்பி’ என்று மட்டும் சொன்னார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. படி இறங்கினேன். பின்னாலேயே வந்து, மெல்லக் கேட்டார்: ‘அந்தப் பேப்பர்ல எங்க கதவு நம்பர் எழுதிக்கினியா?’ எழுதியிருந்தேன். அவர் கண்முன்னாலேயே அடித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: ‘இத மொதல்லயே செஞ்சிருந்தா நானும் வேற மாதிரி சொல்லியிருப்பேன்.’

அந்த அம்மாவைப் பொய்யர் என்று யாரும் சொல்லக் கூடாது. சட்டம் குற்றம் என்று சொல்கிற ஒன்றை, கதவு எண்ணோடு ஒப்புக்கொள்ளச் சொன்னது நான். பிழை என் கேள்வியில் இருந்தது.

சரி, எப்படிக் கேட்பது? 1965இல் ஸ்டான்லி வார்னர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். அவர் எண்ணம் எளிமையானது: கேட்கிறவனுக்கே பதிலின் அர்த்தம் தெரியாதபடி செய்துவிட்டால், சொல்கிறவருக்குப் பயம் எதற்கு? அவர் ஒரு சுழல்முள்ளை வைத்துச் செய்தார். பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் எளிதாக்கினார்கள். நாம் குழந்தைகள் உருட்டும் பகடையை வைத்தே செய்யலாம். எவர்சில்வர் டம்ளருக்குள் பகடையைக் குலுக்கி, நீங்கள் மட்டும் எட்டிப் பாருங்கள். 1 விழுந்தால், பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ‘ஆமாம்’ சொல்லுங்கள். 6 விழுந்தால் எப்படியிருந்தாலும் ‘இல்லை’. 2 முதல் 5 வரை எது விழுந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் ‘ஆமாம்’ என்றால் அது பணமா, பகடையா என்று எனக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாது.

இந்த அரங்கத்தில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 20 பேருக்கு 1 விழும், 20 பேருக்கு 6 விழும், மீதி 80 பேர் உண்மை சொல்வார்கள். மொத்தம் 44 ‘ஆமாம்’ வந்தால், பகடை சொல்ல வைத்த 20ஐக் கழியுங்கள். மீதி 24. எண்பதில் 24, அதாவது நூற்றுக்கு 30. யார் யார் என்று கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆனால் நூற்றுக்கு முப்பது என்பது தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, நறுக்கி நூறு இலையில் மறைக்கலாம். எந்த இலையிலும் கண்ணுக்குத் தெரியாது. பந்தியை மொத்தமாக எடை போட்டால் தெரிந்துவிடும்.

இதற்கு விலை உண்டு. பகடை கலக்கிற கலக்கலால் விடை தளர்ந்துபோகிறது. 120 பேரைக் கேட்டு வரும் அந்த நூற்றுக்கு 30, உண்மையில் நூற்றுக்கு 17ஆகவும் இருக்கலாம், 43ஆகவும் இருக்கலாம். எல்லோரும் உண்மை சொல்லும் நேரடிக் கேள்வியின் துல்லியம் வேண்டுமானால், இந்தக் கணக்கில் இரண்டரை மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். இன்னொரு சிக்கல் மனசு சம்பந்தப்பட்டது. பணமே தொடாத மனிதருக்கு 1 விழுகிறது. ‘நான் வாங்கலையே, எதுக்கு ஆமாம்னு சொல்லணும்?’ என்று ‘இல்லை’ சொல்லிவிடுவார். இது நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? யாருமே வாங்காத ஊரில்கூட ஆறில் ஒரு பங்கு ‘ஆமாம்’ வந்தாக வேண்டும். 120 பேரில் 20க்கு வெகுவாகக் குறைந்து 9, 10 என்று வந்தால், விதியை மீறுகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தாள்களை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

அதனால்தான் எனக்குப் பட்டியல் முறையில் பிடித்தம் அதிகம். பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். தரகர் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை இரண்டு பேருக்குள்தான். பட்டியல் முறையில் அந்தத் துண்டைச் சொல்கிறவரிடமே கொடுத்துவிடுகிறோம்.

600 வீட்டைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரிக்கிறோம். முதல் 300க்கு நான்கு வாக்கியம்: எங்கள் தெருவில் பிரசார வண்டி வந்தது, ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போனேன், எந்தக் கூட்டமும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்தேன், ஒரு வேட்பாளரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். ‘எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள்.’ அடுத்த 300க்கு அதே நான்கோடு ஐந்தாவதாக ஒன்று: ஓட்டுக்காகப் பணமோ பொருளோ எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் பாதியின் எண்களைக் கூட்டினால் 585, இரண்டாம் பாதியில் 669 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் குலுக்கலில் பிரிந்தவை, வேறு வித்தியாசம் இல்லை. கூடுதலாக வந்த 84, அந்த ஐந்தாவது வாக்கியத்தால் வந்தது. 300க்கு 84, நூற்றுக்கு 28. இதிலும் ஏறக்குறைய 10 புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம்.

அந்த நான்கு வாக்கியங்களை ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒருவருக்கு நான்கும் பொருந்திவிட்டால், ஐந்தாவதும் பொருந்தும்போது ‘ஐந்து’ என்று சொல்ல வேண்டி வரும், மாட்டிக்கொள்வார். அதனால்தான் கூட்டத்துக்குப் போவதையும் வீட்டிலேயே இருப்பதையும் எதிரெதிராக வைத்தேன். இரண்டும் ஒருவருக்கே பொருந்துவது அரிது. எண்கள் சிதறாமல் இருக்கவும் அது உதவும்.

களத்தில் பெரும்பாலும் கெடுவது வேறு இடத்தில். வாக்கியத்தை ஒவ்வொன்றாக வாசித்தால், நம் அம்மாக்கள் ஒவ்வொன்றுக்கும் ‘ஆமா’, ‘அய்யோ, இல்ல’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். முடிந்தது கதை. ‘முழுசும் கேட்டுட்டு, முந்தானைக்குள்ள விரல் விட்டு எண்ணிட்டு, கடைசியா எண்ணை மட்டும் சொல்லுங்கம்மா’ என்று முதலிலேயே சொல்ல வேண்டும். வேறு தலைப்பில் இரண்டு தடவை ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

இங்கேயும் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று இருக்கிறது. ஒரு வாக்கியம் கூடினால் எண்ணிக்கை கூடலாம், அப்படியே இருக்கலாம், குறைய வழியே இல்லை. ஆகவே ‘ஒன்றுதான்’, ‘ஒன்றுகூட இல்லை’ என்று சொல்கிறவர்கள் இரண்டாம் பாதியில் முதல் பாதியைவிடக் கணிசமாக அதிகம் இருந்தால், ஐந்தாவது வாக்கியத்தைப் பார்த்து மிரண்டு எண்ணையே குறைத்துச் சொல்கிறார்கள் என்று பொருள்.

இது வெறும் கணக்கு இல்லை. நிகரகுவா நாட்டில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஆய்வாளர்கள் இதையே செய்தார்கள். ஓட்டுக்காகப் பரிசோ உதவியோ வந்ததா என்று நேரடியாகக் கேட்டபோது நூற்றுக்கு 2 பேர் ஆமாம் என்றார்கள். பட்டியலில் வைத்துக் கேட்டபோது 24 வந்தது. அங்கேயும் முழுப் பூசணிக்காய்தான், அங்கேயும் சோறுதான்.

பெரியவர்களே, நான் கேட்பது இதைத்தான். வரும் உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் வார்டு வார்டாக நாமே இந்தக் கணக்கை எடுக்க வேண்டும். பெயர் இல்லை, கதவு எண் இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. வார்டுக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு போகும் என்பது, அவ்வளவுதான். அதை நூலகப் பலகையில் ஒட்டுவோம். ‘எங்கள் வார்டில் இப்படி எதுவும் இல்லை’ என்று எந்த வேட்பாளர் சொன்னாலும், பலகையைக் காட்டி அடுத்த தேர்தலுக்கு உறுதிமொழி கேட்போம். இருபது வருடமாக நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் எண் இல்லாததால் ஒவ்வொரு முறையும் என்னைத் தட்டிக்கழித்தார்கள்.

பத்தே வார்டு எடுத்தாலும் வார்டுக்கு 600 வீடு. ஒருவர் ஒரு நாளில் 20 வீடு முடித்தால், முப்பது பேருக்கு பத்து நாள் வேலை. கல்லூரித் தம்பி தங்கைகளை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். நெசவாளர் சங்கப் பெரியவர்கள் எங்களோடு தெருவுக்குள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். அறக்கட்டளை நிர்வாகிகள் தாள் அச்சடிக்க உதவுவதாக மேடைக்கு வருமுன் சொன்னார்கள், அவர்களுக்கு என் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே அரங்கத்தில் முதல் ஒத்திகை. நான்கு வாக்கியப் பட்டியலை நீங்களும் எழுதிக்கொண்டு வாருங்கள், எது சிக்கல் தரும் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். அந்தப் பாட்டியின் பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். முதல் தெருவாக அவன் தெருவையே எடுத்துக்கொள்கிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறான்.

வணக்கம்.