சில நாள் மட்டும் வேலை செய்யாத பிரிண்டர்: சிறிய அலுவலகத்துக்கு நெட்வொர்க் வரைபடமும் முகவரித் தாளும்

[திரை: ஒரு பிரிண்டர். பக்கத்தில் "அச்சிட முடியவில்லை" என்ற எச்சரிக்கையோடு ஒரு கணினி.]

வணக்கம். பதினைந்து பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். அங்கே ஒரு பிரிண்டர். திங்கட்கிழமை நன்றாக ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை யார் கொடுத்தாலும் அச்சு வரவில்லை. புதன்கிழமை சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டார்கள், கேபிளை மாற்றினார்கள், பிரிண்டரையே அணைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது போலத் தெரியும், அப்புறம் மறுபடி வரும்.

இந்தப் பழுதைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. காரணம் சின்னதுதான். ஆனால் எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று அந்த அலுவலகத்தில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்தால் அதே பழுது எப்படிப் பிடிபட்டிருக்கும் என்பதைத்தான் இந்த வீடியோவில் காட்டப் போகிறேன்.

[திரை: வெற்றுத் தாள். கை ஒன்று கோடு போட ஆரம்பிக்கிறது.]

முதலில் வரைபடம். இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை, பென்சிலும் தாளும் போதும். வெளியிலிருந்து இணைய இணைப்பு நுழையும் இடத்தில் ஆரம்பியுங்கள். அங்கே ஒரு மோடம், அதிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து சுவிட்ச், அதாவது பல கருவிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. சுவிட்சிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு கோடு.

பலர் இங்கே பெட்டிகளை அழகாக வரைந்துவிட்டு, கோடுகளை வெறும் கோடுகளாக விட்டுவிடுகிறார்கள். பழுது வரும்போது நமக்கு உதவுவது பெட்டி இல்லை, கோட்டின் இரண்டு முனைகளிலும் எழுதிய எண்கள்தான். ரவுட்டரின் எந்த போர்ட்டிலிருந்து சுவிட்சின் எந்த போர்ட்டுக்கு? சுவிட்சின் 7ஆவது போர்ட், சுவர் சாக்கெட்டுகளின் கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலில் எந்த எண்ணுக்கு, அது எந்த அறைச் சுவரில் எந்த சாக்கெட்டாக வெளியே வருகிறது? முடிந்தால் மூன்றுக்கும் ஒரே எண்ணை வையுங்கள்: சுவிட்ச் 7, பேனல் 7, சுவர் 07. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மறுமுனை தெரிந்துவிடும்.

[திரை: மேசைக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச். கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

வரையும்போது ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். சுவரில் ஒரு சாக்கெட்தான் இருக்கும், உட்காருபவர்கள் மூன்று பேர் இருப்பார்கள். யாரோ ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை வாங்கி வைத்திருப்பார்கள். அது வரைபடத்தில் இல்லாவிட்டால், பின்னால் ஒரு கருவியைத் தேடும்போது "7ஆவது போர்ட்டில்தான் இருக்கிறது" என்று போய் நிற்பீர்கள். அங்கே மூன்று கருவிகள் இருக்கும்.

கேபிள் எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தால், ஊகித்து எழுதாதீர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு மேசைப் பக்கம் கேபிளைக் கழற்றுங்கள். சுவிட்சில் எந்த போர்ட்டின் விளக்கு அணைகிறது என்று இன்னொருவர் பார்க்கட்டும். அணைந்த எண்ணை அப்போதே எழுதி, கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டிவிடுங்கள்.

[திரை: ஒரு அட்டவணை விரிகிறது.]

அடுத்தது முகவரித் தாள். சாதாரண எக்செல் தாள்தான். இந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியின் ஐபி முகவரியும் 192.168.10 என்று ஆரம்பிக்கிறது. கடைசி எண் 1 முதல் 254 வரை கருவிகளுக்குக் கொடுக்கலாம். அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். 1 முதல் 99 வரை இடம் மாறாத கருவிகளுக்கு: ரவுட்டர், சுவிட்ச், பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், வைஃபை பெட்டிகள். 100 முதல் 199 வரை ரவுட்டர் தானாக வழங்குவதற்கு, அதாவது டிஎச்சிபிக்கு. லேப்டாப்பும் போனும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். மீதி பின்னால் தேவைப்படலாம், சும்மா இருக்கட்டும்.

| முகவரி | கருவி | மேக் முகவரி | வழங்கிய விதம் | சுவிட்ச் போர்ட் | இடம் |
|---|---|---|---|---|---|
| 192.168.10.1 | ரவுட்டர் | 00-00-5e-00-53-01 | கைமுறை | 24 | ரேக் |
| 192.168.10.21 | பிரிண்டர் | 00-00-5e-00-53-21 | கைமுறை | 12 | நடைபாதை |
| 192.168.10.22 | காலி | | | | |
| 192.168.10.100–199 | டிஎச்சிபி | | ரவுட்டர் | | |

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, "காலி" என்று ஒரு வரி இருக்கிறது. காலியான முகவரிகளையும் எழுதி வைத்தால்தான் அடுத்த கருவி வரும்போது எதைக் கொடுக்கலாம் என்று தெரியும். இல்லாவிட்டால் ஒரு எண்ணை பிங் செய்து, அதாவது அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, பதில் வராததால் காலி என்று முடிவு கட்டுவார்கள். அந்த நேரத்தில் அணைந்து கிடக்கும் கருவியும் பதில் தராது.

இன்னொன்று, மேக் முகவரி. இது கருவியின் நெட்வொர்க் அட்டைக்கே உரிய எண். ஐபி முகவரியை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதிவிடலாம். பிரிண்டரின் மேக் முகவரி அப்படி மாறாது. போன்கள் வைஃபையில் மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும், அதனால் அவற்றை இந்தத் தாளில் எழுத முயல வேண்டாம். இடம் மாறாத கருவிகளுக்கு இந்த ஒரு நெடுவரிசை எவ்வளவு உதவுகிறது என்று இப்போது பார்க்கலாம்.

[திரை: மீண்டும் அந்தப் பிரிண்டர்.]

மேலே பார்த்தது சரிசெய்த பிறகு எழுதிய தாள். பழுது இருந்தபோது பிரிண்டர் 21இல் இல்லை. யாரோ முன்பு பிரிண்டரின் அமைப்புத் திரையில் 192.168.10.112 என்று கையால் போட்டிருந்தார்கள். ரவுட்டர் தானாக வழங்கும் எல்லைக்குள்ளேயே அது விழுகிறது. சாயங்காலம் பிரிண்டரை அணைத்துவிடுவார்கள். காலையில் ஒரு லேப்டாப் முதலில் வந்து ரவுட்டரிடம் முகவரி கேட்கும். 112 யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை; ரவுட்டர் அதையே கொடுத்துவிடும். அரை மணி கழித்துப் பிரிண்டரைப் போட்டால், அது தனக்கு எழுதி வைத்த 112ஐ எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரே முகவரியில் இரண்டு கருவிகள்.

பிரிண்டரை முதலில் போட்ட நாளில் பிரச்சினை இல்லை. 112 பயன்பாட்டில் இருப்பது தெரிந்துவிடும், லேப்டாப்புக்கு வேறு எண் கிடைக்கும். சிலருக்கு மட்டும் அச்சு வந்ததற்கும் இதுதான் காரணம். "112 யார்?" என்று ஒரு கணினி கேட்டால் இரண்டும் பதில் சொல்லும். எந்தப் பதில் அந்தக் கணினியில் பதிகிறதோ, அச்சு வேலை அங்கே போகும்.

[திரை: கட்டளைச் சாளரம்.]

சரி, தாள் கையில் இருந்தால் என்ன செய்திருப்போம்? அச்சு வராத கணினியிலேயே உட்கார்ந்து இந்த இரண்டு கட்டளைகளையும் கொடுப்போம்.

```
ping 192.168.10.112
arp -a
```

பிங்குக்குப் பதில் வந்தது. இங்கேதான் நானும் ஏமாந்தேன். பதில் வருவதால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது என்று நினைத்து, டிரைவர் பக்கம் போய்விட்டேன். பதில் சொன்னது யார் என்று பிங் சொல்வதில்லை. அதைச் சொல்வது இரண்டாவது கட்டளை. அதில் 112க்கான வரி இப்படி இருந்தது.

```
192.168.10.112   00-00-5e-00-53-8c   dynamic
```

தாளில் பிரிண்டரின் மேக் முகவரி 21 என்று முடிகிறது. இங்கே 8c என்று முடிகிறது. அப்படியானால் இந்தக் கணினி பேசிக்கொண்டிருப்பது பிரிண்டரோடு இல்லை. தாளில் இருக்க வேண்டியதும் திரையில் இருப்பதும் வேறுபடுவது இந்த ஓர் இடத்தில்தான், பழுதும் அங்கேதான். ஃபயர்வால் பிங்கைத் தடுத்து பதில் வராமல் போனாலும், ஒரே நெட்வொர்க்குக்குள் இருக்கும் கருவியானால் இந்த வரி பெரும்பாலும் வந்துவிடும். அதனால் பிங் தோற்றாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

[திரை: சுவிட்சின் நிர்வாகப் பக்கம், பின் வரைபடம்.]

அடுத்த கேள்வி, 8c யார்? நிர்வகிக்கக்கூடிய சுவிட்சாக இருந்தால், அதன் நிர்வாகப் பக்கத்தில் மேக் அட்டவணை இருக்கும். 8c-க்கு நேரே 7ஆவது போர்ட். வரைபடத்தை எடுங்கள்: 7, பேனல் 7, சுவர் 07, கணக்குப் பிரிவின் இரண்டாவது மேசை. நேரே அங்கே போகலாம். ஒரு போர்ட்டில் பல மேக் முகவரிகள் தெரிந்தால், அதன் பின்னால் இன்னொரு சுவிட்சோ வைஃபை பெட்டியோ இருக்கிறது என்று அர்த்தம். மேசைக்கு அடியில் பார்த்தோமே, அது.

நிர்வகிக்க முடியாத சாதாரண சுவிட்ச் என்றால், `ping -t 192.168.10.112` என்று ஓடவிட்டு, யாரும் முக்கியமான வேலையில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டுங்கள். எந்தக் கேபிளைக் கழற்றியதும் பதில் நிற்கிறதோ, அதன் லேபிளைப் படித்தால் போதும். லேபிள் இல்லாத சுவிட்சில் இதைச் செய்தபோதுதான் எனக்கு ஒரு முழுப் பிற்பகல் போனது.

[திரை: பிரிண்டர் அமைப்புப் பக்கம். 112 என்பது 21 ஆக மாறுகிறது.]

சரிசெய்வது எளிது. பிரிண்டருக்கு 21 கொடுங்கள், தாளில் உடனே எழுதுங்கள். ஆனால் அதோடு முடியவில்லை. கணினிகளில் பிரிண்டரைச் சேர்த்தபோது 112 என்ற முகவரி பதிந்திருக்கும். ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டரின் போர்ட் அமைப்பில் அதை 21 ஆக மாற்ற வேண்டும். இதை மறந்தால், "சரிசெய்த பிறகு இப்போது யாருக்குமே வரவில்லை" என்று போன் வரும்.

ஒரு சின்ன விஷயம் கூட. 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்காமல் நெட்வொர்க்குக்கு 10 வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டு ரவுட்டர்கள் பல அந்த இரண்டில் ஒன்றோடுதான் வருகின்றன. யாராவது வைஃபை போதவில்லை என்று வீட்டிலிருந்து ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டினால், அதுவும் முகவரி வழங்க ஆரம்பித்துவிடும். அப்போது ஒரு கணினியில் `ipconfig /all` கொடுத்து, முகவரி 192.168.0 என்று தொடங்கினால் வேறு யாரோ வழங்கியிருக்கிறார்கள் என்று உடனே தெரியும். DHCP Server என்ற வரியில் அந்த ரவுட்டரின் முகவரியே இருக்கும். முகவரி 169.254 என்று தொடங்கினால் நிலைமை வேறு: யாரிடமிருந்தும் முகவரி கிடைக்காமல், கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

[திரை: ரேக்கின் கதவு திறக்கிறது. உள்பக்கம் ஒட்டிய தாள்.]

கடைசியாக, இவற்றை எங்கே வைப்பது? அலுவலக சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். நெட்வொர்க் விழுந்த நேரத்தில்தான் இவை தேவைப்படும், அப்போது அந்தக் கோப்பைத் திறக்க முடியாது. வரைபடத்தையும் தாளையும் அச்செடுத்து, தேதி போட்டு, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டாம். பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கேபிள் மாற்றுபவர் அங்கேயே நின்று பழைய எண்ணை அடித்து, புதியதையும் தேதியையும் எழுதிவிட்டுப் போகட்டும். கோப்பை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.