மூன்றாவது முறையும் மூக்கில் கத்தி வைக்கலாமா?

வணக்கம் நேயர்களே. பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர், சுருக்கமாக பி.டி.டி. மற்றவர் கண்ணுக்கே படாத, பட்டாலும் பெரிதாகத் தோன்றாத ஒரு குறையைத் தன் உடம்பில் கண்டுவிட்டு, அந்த நினைப்பிலேயே நாளைத் தொலைக்கிற நோய் இது. பெரும்பாலும் 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வகுப்பாக எடுக்காமல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியக்கூடாது என்று சிலருடைய கதைகளைக் கலந்திருக்கிறேன்.

கார்த்திக்குக்கு 23 வயது. மூக்கு கோணல் என்று இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மூன்றாவதுக்குப் போனபோது, நல்ல வேளையாக, அந்த சர்ஜன் கத்தியை எடுக்காமல் மனநல மருத்துவரான என்னிடம் அனுப்பினார். உள்ளே வந்ததும் அவர் கேட்டது, "என் மூக்குல பிரச்சனை இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்."

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்றால் இந்த டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுந்து போய்விடுவார், "கொஞ்சம் கோணல்தான்" என்றால் மறுநாளே அட்மிட் ஆகிவிடுவார். அதனால் மூக்கை விட்டுவிட்டு நேரத்தைக் கேட்டேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இந்த நினைப்பு? ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலே நாங்கள் கவனிப்போம், இவர் ஐந்தாறு மணி நேரம் என்றார். அப்புறம் செய்கைகளைக் கேட்டேன்: கண்ணாடி, போனின் முன்பக்க கேமரா, பைக்கின் சைடு மிரர், எது கிடைத்தாலும் பார்ப்பார், விரலால் மூக்கை அளப்பார், வெளியே போனால் மாஸ்க், வீட்டில் அம்மாவிடம் திரும்பத் திரும்ப அதே கேள்வி. வேலையை விட்டு ஐந்து மாதம். சாப்பாடு, எடை பற்றிய கவலை இல்லை, இருந்திருந்தால் உணவு சார்ந்த கோளாறா என்று வேறு வழியில் யோசிக்க வேண்டும்.

கட்டாயம் கேட்க வேண்டியது இன்னொன்று, செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பது. இந்த நோயில் அந்த எண்ணம் மிக அதிகம், அறுவை சிகிச்சை ஏமாற்றிய பிறகு இன்னும் அதிகம். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், தூண்டாது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு தோன்றியது என்றார். கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது இப்படித் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

சரி, மூன்றாவது ஆபரேஷன் ஏன் கூடாது? முதல் முறை மூக்கின் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுத்திருந்தார்கள், இரண்டாவதற்குக் காதிலிருந்து. இனி விலா எலும்புப் பக்கம்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே தழும்புத் திசு சேர்கிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, அடுத்த முறை எப்படி ஆறும் என்று சொல்வது கடினமாகிறது, மூச்சுப் பாதையும் சுருங்கலாம். மூக்கு நுனி வீக்கம் முழுசாக வடியவே ஒரு வருடம் ஆகலாம், இவரோ எட்டாவது மாதமே அடுத்ததற்குக் கிளம்பிவிட்டார். ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் கவலை அடங்குவதில்லை, நுனியிலிருந்து மூக்குத் துளைக்கும் அங்கிருந்து தாடைக்கும் நகர்ந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காத அழகு கிளினிக்குகள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

அதனால் ஆபரேஷனுக்குப் பதில், ஃப்ளூவாக்ஸடின் என்ற மனச்சோர்வு மருந்தை 20 மில்லிகிராமில் தொடங்கி, மெதுவாக 60 வரை கொண்டுபோனோம். சாதாரண மனச்சோர்வைவிட இதற்கு அளவும் அதிகம், காத்திருப்பும் அதிகம். 12 வாரமாவது கொடுத்துப் பார்க்காமல் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. இளைஞர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்பதால், வாரம் ஒரு முறை வரச் சொன்னேன்.

கூடவே நடத்தை சிகிச்சை. முதலில் மாஸ்க் இல்லாமல் தெருமுனை டீக்கடை, பிறகு பஸ், கடைசியில் சொந்தக்காரர் கல்யாணம். கண்ணாடியை மூடி வைக்கச் சொல்லவில்லை. ஒரு கை தூரத்தில் நின்று, தலைமுடியிலிருந்து கால் வரை, "கோணல்", "அசிங்கம்" போன்ற வார்த்தைகள் இல்லாமல் தன்னை வர்ணிக்க வேண்டும், அவ்வளவுதான். கஷ்டமான வேலை அம்மாவுக்கு. "உன் மூக்கு நல்லாத்தான் இருக்குப்பா" என்று அவர் சொல்லச் சொல்ல, பத்து நிமிஷ நிம்மதிக்குப் பிறகு அடுத்த கேள்வி வரும். அதனால், "இதுக்கு நான் பதில் சொல்லக்கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம், வா சாப்பிடலாம்" என்று சொல்லப் பழக்கினோம். முதல் வாரம் அழுதுவிட்டார் பாவம்.

நாலாவது மாதத்தில் அந்த ஐந்தாறு மணி நேரம் ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்தது, வேலைக்கும் போகிறார். மூக்கு பிடிக்கிறதா என்றால் இன்னும் பிடிக்கவில்லை. மருந்தைச் சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்பதால், இன்னும் ஒரு வருடமாவது தொடரச் சொல்லியிருக்கிறேன். பழைய ஆபரேஷன்களால் வலது பக்கம் மூச்சு அடைப்பது மட்டும் நிஜமான பிரச்சனை. அதை ஆபரேஷனில் சரி செய்யலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்கிறார். நோய் நன்றாக அடங்கும்வரை பொறுப்போம், செய்தாலும் மூச்சுக்காக மட்டும்தான், வடிவத்தைத் தொடுவதில்லை என்று மூன்று பேரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம்.