ரெசின் கலக்கும் வீடியோவில் நான் வைத்த தப்பான வெட்டு

வணக்கம் மக்களே, மண்டபத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது மச்சானுடைய பைபர் படகுப் பட்டறை. புதிதாக இரண்டு பையன்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் காட்ட ஒரு பாதுகாப்பு வீடியோ வேண்டும் என்றார். புதிதாக எதையும் எடுக்கவில்லை, எல்லோர் போனிலும் கிடந்த கிளிப்பையும் போட்டோவையும் வாங்கி, படகு செய்ய ஊற்றுகிற ரெசின் என்ற பிசினைக் கலக்குவதை மட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தப் பட்டறையில் ரெசினில் முதலில் அது சீக்கிரம் இறுக உதவுகிற கோபால்ட் திரவத்தை ஊற்றி நன்றாகக் கலக்குவார்கள், அதற்கப்புறம்தான் ரெசினை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் சட்டென்று சூடேறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். நான் என்ன செய்தேன் என்றால், வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு கிளிப்பை வெளிச்சம் ஒத்துப்போகிறதே என்று ஒட்டிவிட்டேன். அதில் கேட்டலிஸ்ட் முன்னால் வந்துவிட்டது! மூத்த மேஸ்திரி பார்த்ததுமே, "தம்பி, வாளியில இருக்குற நிறத்தைப் பாருங்க" என்றார். கேட்டலிஸ்ட் தண்ணீர் மாதிரி இருக்கும், கோபால்ட் கத்தரிப்பூ நிறம். கோபால்ட் சேர்ந்த ரெசின் லேசாகச் சிவந்து நிற்கும். அதை வைத்தே எந்த கிளிப் முன்னால், எது பின்னால் என்று சொல்லிவிடலாம். (சில ரெசின் கோபால்ட் சேர்த்தே வரும், அதற்கு இந்த அடையாளம் உதவாது.)

இன்னொன்று, கலக்கும் காட்சி போரடிக்கிறது என்று வேகமாக ஓடவிட்டிருந்தேன். அது பெரிய தப்பு. சரியாகக் கலக்காவிட்டால் கோபால்ட் அங்கங்கே திட்டாக நிற்கும், மேலே ஊற்றுகிற கேட்டலிஸ்ட் அந்தத் திட்டைத்தான் போய்த் தொடும். நாம் நாலு நொடியில் காட்டினால் பையனும் நாலு சுற்று சுற்றிவிட்டுப் போவான். அதனால் வெட்டாமல், ஓட்டாமல், அப்படியே முழுசாக விட்டிருக்கிறேன்.

பழைய போட்டோ ஒன்றில் இரண்டு பாட்டிலும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதைத் தூக்கிப் போடவில்லை. நிறுத்திக் காட்டி, மேலே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, அடுத்த நொடியே இப்போது தனித்தனி அலமாரியில் இருக்கிற போட்டோவை வைத்தேன். பழைய போட்டோவில் நின்றவர் முகத்தை மங்கலாக்கிவிட்டேன், அவர் இன்னும் நம்மோடுதான் வேலை பார்க்கிறார்.

சத்தம் பூராவும் கச்சான் காற்றும் கிரைண்டரும்தான். எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு, வீட்டுக்குள் மேஸ்திரியைப் பேசவைத்துச் சேர்த்தேன். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் உடனே ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி. அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தாகவும் போட்டேன்.

நேற்று பையன்களுக்குப் போட்டுக் காட்டி, வெறும் தண்ணீரை வைத்துச் செய்து காட்டச் சொன்னோம். வரிசை சரியாக வந்தது. ஆனால் ஒருவன் கோபால்ட் அளந்த மூடியிலேயே கேட்டலிஸ்ட்டையும் அளக்கப் போனான். வீடியோவில் அதை நாங்கள் சொல்லவே இல்லை. இரண்டு மூடியையும் தனித்தனியாக வைத்து எடுத்த போட்டோ ஒன்று மச்சான் போனில் இருக்கிறதாம், இன்று ராத்திரி அதைச் சேர்க்கிறேன்.